பிரிட்டிஷ் ஓட்ஸும் அமெரிக்க பீனட் பட்டரும்: ஒரு கிண்ணத்தின் மேக்ரோ கணக்கு

துபாய் சூப்பர் மார்க்கெட்டில் எல்லா நாட்டுப் பாக்கெட்டும் ஒரே அலமாரியில் கிடைக்கும். என் காலைச் சாப்பாடு பிரிட்டிஷ் ஓட்ஸும் அமெரிக்க பீனட் பட்டரும். கார்ப் கணக்குப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

ஓட்ஸில் 100 கிராமுக்கு 374 கலோரி, கொழுப்பு 8 கிராம், கார்ப் 60, நார்ச்சத்து 9, புரதம் 11. பீனட் பட்டரிலோ இரண்டு மேசைக்கரண்டிக்கு, அதாவது 32 கிராமுக்கு, 190 கலோரி, கொழுப்பு 16, கார்ப் 8, நார்ச்சத்து 2, புரதம் 7.

அளவைச் சரிக்கட்டுவது எளிது. கரண்டியை நம்பாமல் எடை போட்டால் போதும். பீனட் பட்டர் பாட்டிலை அப்படியே தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு வழித்தெடுப்பேன். -20 என்று காட்டினால் எடுத்தது 20 கிராம். கரண்டியில் ஒட்டியிருப்பதை நக்கினாலும் கணக்கில் வந்துவிடும்! ஓட்ஸை மட்டும் வேகவைக்கும் முன்பே நிறுக்க வேண்டும். லேபிள் சொல்வது உலர்ந்த எடைக்கு.

சிக்கல் கார்பில்தான். ஓட்ஸ் எண்களை நாமே பெருக்கிப் பார்க்கலாம். கார்புக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று போட்டால் 356 வருகிறது. லேபிளில் உள்ள 374க்கு 18 குறைகிறது. நார்ச்சத்து 9 கிராம், அதற்குக் கிராமுக்கு 2 கலோரி என்றால் சரியாக அந்த 18. அப்படியானால் 60 கிராம் கார்பில் நார்ச்சத்து சேரவில்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வழக்கம் அதுதான். அமெரிக்க லேபிளில் மொத்த கார்புக்குக் கீழே, சற்று உள்தள்ளி நார்ச்சத்து இருக்கும். 8 கிராமுக்குள் அந்த 2 கிராமும் அடக்கம்.

அதனால் அமெரிக்க லேபிளில் மட்டும் நார்ச்சத்தைக் கழித்துவிட்டுக் கூட்டுகிறேன். 50 கிராம் ஓட்ஸில் 187 கலோரி, கொழுப்பு 4, கார்ப் 30, நார்ச்சத்து 4.5, புரதம் 5.5. பீனட் பட்டருக்கு 20ஐ 32ஆல் வகுத்தால் 0.625. அதால் பெருக்க, 119 கலோரி, கொழுப்பு 10, புரதம் 4.4, நார்ச்சத்து 1.25, அது போக கார்ப் 3.75. ஆக மொத்தம் 306 கலோரி, கொழுப்பு 14, புரதம் 9.9, கார்ப் 33.75, நார்ச்சத்து 5.75. இரண்டு லேபிளிலும் நார்ச்சத்தைக் கழித்திருந்தால் ஓட்ஸில் மட்டும் 4.5 கிராம் கார்ப் காணாமல் போயிருக்கும்.

கடைசியாக இந்த மொத்தத்தையும் அதே முறையில் பெருக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய 312 வந்தது. ஆறு கலோரி வித்தியாசத்துக்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க லேபிளில் 50க்கு மேற்பட்ட கலோரியைப் பத்துப் பத்தாக முழுமையாக்கித்தான் போடுவார்கள். இருபது, முப்பது என்று விலகினால்தான் லேபிளை மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.