மணலுக்குக் கீழே உவர்நீர்: உச்சிப்புளியில் ஒரு மண் அளவீடு

உச்சிப்புளி அருகே பனைகளுக்கு நடுவில் அமையவிருந்த ஓர் ஐஸ் பிளாண்டின் 11 கேவி துணைமின் நிலையத்துக்கு எர்த்திங் வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தபோது, அதனுடன் ஒரு மண் அறிக்கையும் வந்தது. மண் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் மின்தடை எண்ணை நான்கு இடைவெளிகளில் எடுத்து, அவற்றின் சராசரியை 192 ஓம் மீட்டர் என்று கண்டு, 3 மீட்டர் குழாய் ஒன்றுக்குச் சுமார் 58 ஓம் வரும் என்று கணக்கிட்டு, பன்னிரண்டு குழிகள் தோண்ட வேண்டும் என்று அதில் பரிந்துரைத்திருந்தார்கள். கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் 192 ஓம் மீட்டர் மின்தடை எண் கொண்ட மண் அந்த நிலத்தில் எந்த ஆழத்திலும் கிடையாது.

கோடை முடியும் நேரத்தில் நாங்களே மறுபடி அளந்தோம். நான்கு கம்பிகளையும் ஒரே நேர்கோட்டில் சம இடைவெளியில் அடித்து, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை எர்த் டெஸ்டர் கொண்டு அளக்கும் வென்னர் முறைதான் அது. டெஸ்டர் காட்டும் R என்ற ஓம் அளவை ρ = 2πaR என்ற சூத்திரத்தில் இட்டால், a என்ற இடைவெளிக்கு உரிய தோற்ற மின்தடை எண் கிடைக்கும். கம்பி மண்ணில் இறங்கும் ஆழம் இடைவெளியில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதால், 1 மீட்டர் இடைவெளிக்கு 5 சென்டிமீட்டர்தான் அடிக்கலாம். காய்ந்த கடற்கரை மணலில் அந்த ஆழத்துக்குக் கம்பி நிற்பதே பெரிய காரியம். கம்பிக்கும் மணலுக்கும் இடையிலான தொடுமின்தடை ஏறி, டெஸ்டரின் எண் நிலைகொள்ளாமல் ஆடியது. "சார், வரிசை முழுக்கத் தண்ணி ஊத்திரவா?" என்று உதவியாளர் கேட்டார். கம்பியைச் சுற்றி ஒரு டம்ளர் ஊற்றி மணலை மிதித்து இறுக்கினால் போதும். வரிசை முழுவதும் நனைத்தால், அளக்க வந்த மண்ணையே மாற்றிவிட்டதாகிவிடும்.

1 மீட்டர் இடைவெளியில் 59.5 ஓம், 2 மீட்டரில் 22.1, 4 மீட்டரில் 4.0, 8 மீட்டரில் 0.30, 12 மீட்டரில் 0.11 என்று டெஸ்டர் காட்டியது. சூத்திரத்தில் இட்டபோது இவை முறையே 374, 278, 101, 15, 8.3 ஓம் மீட்டர் ஆயின. கடைசி இரண்டு எண்களும் மிகச் சிறியவை என்பதைக் கவனிக்க வேண்டும்: 0.1 ஓம் மட்டுமே பிரித்துக் காட்டும் டெஸ்டராக இருந்தால், 8 மீட்டர் அளவு 10க்கும் 20க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழுந்திருக்கும். வரிசையைச் செங்குத்துத் திசையில் திருப்பி அளந்தபோதும் ஏறக்குறைய அதே எண்கள் வந்ததால், புதைந்த குழாயோ வேலிக்கம்பியோ குறுக்கே இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம்.

4 மீட்டர் இடைவெளியில் 101 என்று வந்ததால் 4 மீட்டர் ஆழத்து மண் 101 ஓம் மீட்டர் என்று கொள்பவர்கள் பலர். அந்த எண் மேலிருந்து கீழ்வரை உள்ள எல்லா மண்ணும் கலந்த ஒரு தோற்றம் மட்டுமே. மேலும் கீழும் வெவ்வேறு மண் என்று கொண்டு வரைந்த இரண்டு அடுக்கு வளைகோட்டோடு பொருத்திப் பார்த்தபோது, 400 ஓம் மீட்டர் கொண்ட உலர்மணல் 2 மீட்டர் வரைக்கும், அதற்குக் கீழே 8 ஓம் மீட்டர் கொண்ட உவர்நீர் ஊறிய மண்ணும் என்று நன்றாகப் பொருந்தியது. பக்கத்துத் தோப்பின் கிணற்றில் உவர்த்த தண்ணீர் ஏறக்குறைய அதே மட்டத்தில் நின்றது, எனக்கு அதுவே போதிய சான்றாக இருந்தது.

இப்படிப் பார்த்தால் வடிவமைப்பு தலைகீழாக மாறுகிறது. மேல் மணல் ஏறக்குறைய மின்கடத்தாப் பொருள்போல நடந்துகொள்வதால், ஈரமண்ணுக்குள் நுழையும் நீளத்தை மட்டும் எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 3043 தரும் குழாய்ச் சூத்திரத்தில் இடலாம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள 3 மீட்டர் குழாயில் 1 மீட்டர்தான் ஈரத்தில் இருக்கும்; அதற்கு 5.9 ஓம் வருகிறது. 6 மீட்டர் குழாயில் 4 மீட்டர் ஈரத்தில் இருப்பதால் 1.9 ஓம். கடுங்கோடையில் நீர்மட்டம் இன்னும் அரை மீட்டர் இறங்கினால் 3 மீட்டர் குழாய் 10 ஓமுக்கு ஏறிவிடும், 6 மீட்டர் குழாயோ 2.1இல் நிற்கும். பன்னிரண்டு குழிகளுக்குப் பதிலாக நான் ஆழமான மின்முனைகள் சிலவற்றையே பரிந்துரைத்ததற்கு, எண் குறைவதைவிட இந்த நிலைத்தன்மையே முதன்மையான காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளந்திருந்தால் மேல் மணலும் நனைந்து, 3 மீட்டரே போதும் என்று தோன்றியிருக்கும்.

8 ஓம் மீட்டர் என்பது நல்ல செய்தி மட்டும் அல்ல. 10 ஓம் மீட்டருக்குக் கீழான உவர்மண் கடுமையாக அரிக்கும், துத்தநாகப் பூச்சு அதில் நெடுநாள் தாங்காது. அதனால் துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை விட்டு, 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள தாமிரப் பூச்சு எஃகுக் கம்பிகளை இணைத்து 6 மீட்டருக்கு இறக்கினோம்; விட்டம் பாதிக்கும் கீழாகக் குறைந்தும் கணக்கு 2.2 ஓம் என்றுதான் வந்தது. தாமிரம் அருகில் இருந்தால் எஃகு விரைவாக அரிபடும் என்பதால், கட்டடத்தின் அடித்தள எஃகுக் கம்பிகளிலிருந்து அவற்றைத் தள்ளியே அமைக்கச் சொன்னேன்.