தைத்த இலை யாருடையது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெரியம்மா கொல்லையிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். கத்தரிச் செடியில் இரண்டு இலைகள் ஓரத்தோடு ஓரம் தைக்கப்பட்டு, சின்னச் சுருக்குப்பை போலத் தொங்குகின்றன. "நாலைந்து நாளாக எந்தக் குருவியும் வரவில்லை. யார் வீடு இது?" என்று கேட்டிருந்தார். படத்தை முழுதாகப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், "தையல்சிட்டு" என்று பதில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவசரப்பட்டுவிட்டேன். இலையைத் தைப்பது தையல்சிட்டு மட்டுமல்ல. சாம்பல் கதிர்க்குருவியும் தைக்கும். அது சில சமயம் புல்லால் பை பின்னும், சில சமயம் இலைகளை இழுத்துச் சேர்த்து உள்ளே நாரும் முடியும் வைத்துக் கட்டும். தையல்சிட்டு இலையின் ஓரத்தில் அலகால் துளை போட்டுப் பஞ்சையோ சிலந்தி நூலையோ உள்ளே இழுக்கும். வெளிப்பக்கம் பிசிறிக்கொண்டு நிற்கும் நுனியே முடிச்சு போலப் பிடித்துக்கொள்ளும். பெயர் வாங்கியது அது, வேலை இரண்டுக்கும் தெரியும். படத்தில் வெள்ளைப் பிசிறுகள் தெரிகின்றன. அதை வைத்து ஒன்றைத் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை.

கூட்டைப் பறித்துவந்து படம் எடுக்கட்டுமா என்று பெரியம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் குலைப்பது வேட்டையாடுவதற்குச் சமம். மேலும், வெறிச்சோடியிருப்பதாக நமக்குத் தோன்றும் கூடு உண்மையிலேயே கைவிடப்பட்டதுதானா என்பது வேறு கேள்வி. முட்டை ஓடு ஏதாவது தரையில் கிடக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஓடு கிடைத்தது, கூட்டுக்கடியில் அல்ல, பத்தடி தள்ளி முருங்கை மரத்தடியில். படத்தில் செக்கச்செவேலென்று இருக்கிறது. ஆனால் இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படம். அந்த வெளிச்சத்தில் வெள்ளை முட்டைகூட வெயில் பட்ட முகம் போல இருக்கும். பக்கத்தில் அளவுக்காக ஒரு ரூபாய் நாணயம் வைத்திருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் பழைய ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 2011-இல் வந்தது 22. சிட்டு முட்டையின் விஷயத்தில் இந்த மூன்று மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். காலையில் நிழலில், வெள்ளைத் தாளின் மேல், பள்ளிக்கூட அளவுகோலோடு எடுக்கச் சொன்னேன். "ஒரு முட்டை ஓட்டுக்கு இத்தனை சடங்கா?" என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சடங்கு வீண்போகவில்லை. சூளையிலிருந்து எடுத்த செங்கல் நிறம், மேலே பளபளப்பு, ஒரு புள்ளியும் இல்லை. அகலம் சுமார் 12 மில்லிமீட்டர். தையல்சிட்டின் முட்டை வெளிறிய நீலமாகவோ இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெள்ளையாகவோ இருக்கும்; மேலே செம்பழுப்புப் புள்ளிகள் தெளித்திருக்கும். நம் கொல்லைகளில் இவ்வளவு சின்ன முட்டை செங்கல் நிறத்தில் பளபளவென்று இருந்தால், என் கை சாம்பல் கதிர்க்குருவியின் பக்கம்தான் நீளும்.

உடைந்த விதமும் நல்ல செய்தி சொன்னது. தடித்த முனைக்குச் சற்றுக் கீழே, மூடி கழற்றியது போலச் சுற்றிலும் வெட்டுப்பட்டிருக்கிறது. குஞ்சு உள்ளிருந்து உடைத்தால் இப்படி இருக்கும். ஓணானோ காக்கையோ கைவைத்திருந்தால் ஓடு நசுங்கியிருக்கும், மஞ்சள் கரு ஒட்டியிருக்கும்.

இருந்தாலும் ஒரு சிக்கல். குஞ்சு வெளிவந்ததும் தாய்தகப்பன் ஓட்டை அலகில் தூக்கிக்கொண்டுபோய்த் தள்ளிப் போட்டுவிடுவது பல பறவைகளின் வழக்கம். ஆகவே பத்தடி தள்ளிக் கிடந்ததில் வியப்பில்லை. அதே காரணத்தால், அது வேலிக்கு அப்பால் இருக்கும் வேறொரு கூட்டிலிருந்தும் வந்திருக்கலாம். ஓடு யாருடையது என்று தெரிந்துவிட்டது. கூடு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பெரியம்மா கூட்டைத் தொடாமல், அலைபேசியை அதன் வாய்க்கு நேராகப் பிடித்து வெயிலில் ஒரு படம் எடுத்திருக்கிறார். உள்ளே மெல்லிய நார், இரண்டு மூன்று முடி, கொஞ்சம் எச்சம். நாருக்கு நடுவே கடுகளவு செங்கல் நிறத் துணுக்கு ஒன்று! ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய பதிலைத் திருத்தி, "கதிர்க்குருவி, பெரியம்மா. குஞ்சு பொரித்துப் பறந்துவிட்டது என்றே நினைக்கிறேன்" என்று எழுதினேன். "முதலில் தப்பாகச் சொன்னாய் அல்லவா?" என்று உடனே பதில் வந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெண்டைப் பாத்தியில் இன்னொரு தைத்த இலை, இன்னொரு படம். உள்ளே ஒன்றுமில்லை, தரையிலும் ஒன்றுமில்லை. குறிப்பேட்டில் "தையல்சிட்டு அல்லது கதிர்க்குருவி" என்று எழுதி வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை.