கரடான மதில் எவ்வளவு சாயம் குடிக்கும்?

தீபாவளிக்கு முன் காம்பவுண்டு சுவருக்கும் கேட்டுக்கும் சாயம் அடித்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவானது. பட்டர்வொர்த் பக்கம் எங்கள் தாமானில் மூலை வீடு என்பதால் சுவர் நீளம் அதிகம்: 18 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். உள்பக்கம் வழவழப்பான பூச்சு. சாலைப் பக்கம், கட்டும்போதே சிமெண்டைத் தெளித்துவிட்ட மாதிரி கரடாக இருக்கும்.

ஒரு பக்கம் 27 சதுர மீட்டர். இரு பக்கமும், மேல் விளிம்பும் தூணும் சேர்ந்து 57. டின்னில் லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரும் என்று போட்டிருந்தது. இரண்டு பூச்சுக்குக் கணக்குப் போட்டால் சுமார் பத்தரை லிட்டர். ஹார்ட்வேர் கடைக்காரரும் ஐந்து லிட்டர் டின் இரண்டு போதும் என்றார். ஆனால் டின்னில் உள்ள அந்த எண் வழவழப்பான பரப்புக்கானது. சாயம் அடிக்கும் தொழிலில் இருக்கும் என் மச்சான், "வெளிப்பக்கத்தை அளந்து பார்க்காமல் டின் வாங்காதீங்க மாமா" என்றார்.

அளந்த விதம் இதுதான். குப்பைத்தொட்டி நிற்கும் மறைவான இடத்தில் டேப் ஒட்டி ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டேன். ரோலர் தானே நிறையச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் முதலில் அதை முழுதாக நனைத்துக்கொண்டு, அதன் பிறகு தட்டில் அரை லிட்டர் ஊற்றினேன். கட்டத்தை அடித்து முடித்ததும் மீதியைச் சமையலறை அளவுக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தேன். கால் லிட்டர் போயிருந்தது. அதாவது லிட்டருக்கு 4 சதுர மீட்டர்தான்!

கரடான சுவர் சாயம் குடிக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, சிமெண்டின் நுண்துளைகள் ஈரத்தை இழுப்பது. மற்றொன்று, மேடுபள்ளத்தால் உண்மையான பரப்பே அதிகமாக இருப்பது. முதலாவதை சீலர் அடக்கும். இரண்டாவதை எதுவும் அடக்காது. எனவே சுவரைப் பாசி போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சீலர் அடித்து, மறுநாள் பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் அளந்தேன். சீலருக்கு முன் தெளித்த தண்ணீர் உடனே இறங்கி சுவர் கறுத்தது. இப்போது துளியாக நின்று வழிந்தது. சாயம் 180 மில்லி போனது. இரண்டாம் பூச்சுக்கு 140. சீலர் அடித்த வழவழப்பான உள்பக்கம் முதல் பூச்சுக்கு 100, அடுத்ததற்கு 90.

ஆக வெளிப்பக்கம் கூடுதலாகக் கேட்ட 150 மில்லியில் 70 சுவரின் தாகம், 80 மேடுபள்ளம். சீலர் அடித்த பிறகு அளந்ததைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிப்பக்கம் 8.6 லிட்டர், உள்பக்கம் 5.1, விளிம்பும் தூணும் அரை லிட்டருக்குச் சற்று மேல். மொத்தம் சுமார் 14.3 லிட்டர். ஐந்து லிட்டர் டின் மூன்று வாங்கினால் இழுத்துப் பறித்துப் போதும். நான் 18 லிட்டர் டின்னாகவே வாங்கினேன். ஒரே கலவை என்பதால் நிறம் மாறாது. பின்னால் கார் உரசினால் ஒட்டுப்போடவும் மீதி இருக்கும். சீலருக்கு ஐந்து லிட்டர் டின் இரண்டு ஆனது.

சாயம் பற்றாமல் போகும்போது சிலர் தண்ணீரைக் கூட்டி இழுத்துவிடுவார்கள். டின்னில் சொன்ன அளவைத் தாண்டினால் படலம் மெலிந்து, வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் வெளுக்கும். முடி நீளமான ரோலரை, 18 மில்லிமீட்டர் அளவில், கேட்டு வாங்குங்கள். குட்டை முடி மேடுகளை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும். மேலிருந்து கீழே மட்டும் உருட்டினால் ஒவ்வொரு மேட்டின் அடியிலும் பழைய நிறம் தங்கிவிடும். கீழிருந்து மேலேயும் ஒருமுறை தள்ள வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது சுவரோரமாகக் குனிந்து பார்த்தால் விட்டுப்போன குழிகள் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் அக்டோபர் மாதங்களில் மதியத்துக்கு மேல் மழை வருவதால் காலை வேலையோடு நிறுத்திக்கொண்டோம்.

கேட்டு விஷயம் வேறு. இரும்பு எதையும் குடிக்காது, அங்கே துருதான் பிரச்சினை. நான்கு மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரமுள்ள கம்பி கேட்டு அது. கம்பிகளுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் ஒரு முகத்தின் பரப்பை, அதாவது 6.4 சதுர மீட்டரை, இரு பக்கத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். தகடு அடைத்த கேட்டாக இருந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பிரைமர் ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு. எனாமல் லிட்டருக்கு 12 வந்தாலும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போகிறது, அதனால் ஒரு லிட்டர் டின் இரண்டு எடுத்தேன். உங்கள் கேட்டு துத்தநாகம் பூசிய இரும்பு என்றால் அதற்கென்று உள்ள பிரைமரைக் கேளுங்கள். எனாமலை நேராக அடித்தால் சில மாதங்களில் தோலாக உரியும்.