எங்கள் ஆண்டறிக்கையும் கறுத்துப்போன முகங்களும்

மாலை நேரப் படிப்பகங்கள் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு இந்த வருஷம் ஆண்டறிக்கை செய்து கொடுத்தேன். 24 பக்கம், ஏ4, 500 பிரதி. அட்டை மட்டும் கலர், உள்ளே மேப்லித்தோ தாளில் ஒற்றைக் கறுப்பு. கணக்கு வழக்கு, ஆடிட்டர் அறிக்கை எல்லாம் இரண்டே நாளில் பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளில் ஏறிவிட்டன. மீதி ஐந்து வாரமும் படம், படக்குறிப்பு, கட்டுரைக்குள்ளிருந்து ஒரு வரியை எடுத்துப் பெரிய எழுத்தில் போடும் புல் கோட் மூன்றோடும் மல்லுக்கட்டியதில் போனது.

படங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வந்தன. அங்கேயே பாதி சிக்கல். சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கத்தை வாட்ஸ்அப் 1600 பிக்சலுக்குச் சுருக்கியிருந்தது. அச்சில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் அது பதிமூன்றரை சென்டிமீட்டர்தான். ஏ4 முழுப்பக்கத்துக்கு 3508 வேண்டும். முழுப்பக்கம் என்று நான் ஆசையாக வைத்திருந்த நான்கு படங்களும் அரைப்பக்கத்துக்கு இறங்கின. அசல் வேண்டுமென்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் படம் எடுத்த அன்றைக்கே. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் “போன் மாத்திட்டேன் தம்பி” என்றுதான் பதில் வரும்.

இன்னொரு பொறி கோப்பின் பெயரில் இருந்தது. பிள்ளைகள் மிட்டாய் வைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று `IMG-20240815-WA0031.jpg` என்று கிடந்தது. ஆகஸ்ட் 15, கையில் மிட்டாய். இதற்கு மேல் என்ன வேண்டும்? ‘சுதந்திர தின விழாவில் மாணவர்கள்’ என்று படக்குறிப்பு எழுதிவிட்டேன். ப்ரூஃப் பார்த்த டீச்சர் அக்கா, “இது காமராஜர் பிறந்தநாள் அன்னிக்கு எடுத்தது தம்பி, ஜூலையில. பின்னாடி அவர் படம் இருந்துச்சே?” என்றார். இருந்ததுதான். எல்லாப் படமும் 3:2 அளவில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நானே மேல்பக்கத்தை வெட்டியபோது காமராஜரையும் வெட்டியிருக்கிறேன். அந்தப் பெயரில் இருக்கும் தேதி படம் போனுக்கு வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி அல்ல. எடுத்த தேதி படத்துக்குள்ளே பதிவாகியிருக்கும், ஆனால் வாட்ஸ்அப் வழியாகப் படமாக வரும்போது அது உதிர்ந்துவிடுகிறது.

அதன் பிறகு எல்லாப் படத்தையும் சின்னதாக ஒரு தாளில் அச்சடித்து எண் போட்டு, படிப்பகம் படிப்பகமாகக் கொண்டுபோய் ‘யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது’ என்று டீச்சர்களிடமே எழுதி வாங்கினேன். முன்பு ‘மாணவர்கள் படிக்கும் காட்சி’ என்றே பதினோரு படங்களுக்குக் குறிப்பு இருந்தது. படிக்கிறார்கள் என்பதுதான் படத்திலேயே தெரிகிறதே. டீச்சர்கள் எழுதிக் கொடுத்ததில் ஒன்று: ‘கரண்ட் போன அன்று பஞ்சாயத்து தெருவிளக்குக் கம்பத்தடியில் நடந்த வகுப்பு. அதற்கு அடுத்த மாதம்தான் இன்வெர்ட்டர் வாங்கினோம்.’ அறிக்கையில் இன்வெர்ட்டர் செலவு வரும் பக்கத்துக்கே அந்தப் படத்தை நகர்த்திவிட்டேன்.

அடுத்தது புல் கோட். செயலாளர் சார் ஒன்று தயாராகவே வைத்திருந்தார்: ‘இருண்டு கிடந்த என் குடும்பத்தில் ஒளியேற்றிய தெய்வம் இந்த அறக்கட்டளை.’ சொன்னவர் ஒரு மாணவியின் தாய் என்று போட்டிருந்தது. கட்டுரையில் தேடினேன், அந்த வரி இல்லை. கேட்டால், “அந்தம்மா சொல்ல வந்தது அதுதான்ப்பா” என்றார்.

நேரில் கேட்டுவிடலாம் என்று பஸ் பிடித்துப் போனேன். பகல் பதினொரு மணி. அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். ஒரு நாள் வீண். இரண்டாம் முறை சாயங்காலம் போனேன். அவர் சொன்னது இது: “ரேசன் மெசேஜ் வந்தா டீக்கடையில குடுத்துப் படிக்கச் சொல்லுவேன். இப்ப என் மவ படிச்சுச் சொல்றா.” பெயர் போடலாம், என் படம் வேண்டாம் என்றும் சொன்னார். அந்த வரியைக் கட்டுரைக்குள்ளும் சேர்த்து, அங்கிருந்து எடுத்துப் பெரிதாகப் போட்டேன். பேச்சுத் தமிழை ‘திருத்தி’த் தரச் சொன்ன செயலாளரிடம் மூன்று நாள் மன்றாட வேண்டியிருந்தது. கடைசியில் “சரி, உன் இஷ்டம்” என்றார். எனக்கு அது போதும்.

வைக்கும் இடத்திலும் சறுக்கினேன். வரிக்கு மேலே காலியாக இருந்த இடத்தில் ஒரு பெற்றோர் கூட்டப் படத்தை வைத்திருந்தேன். அதில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் வேறொரு அம்மா. பார்த்தவர்கள் எல்லாரும் அவர்தான் பேசுகிறார் என்றே எடுத்துக்கொண்டார்கள். முகம் தெரியும் படத்தை ஒட்டி இன்னொருவர் பேச்சை வைக்காதீர்கள். எழுத்தையும் 22 பாயிண்டில் இருபக்கமும் சமன் செய்தபோது சொற்களுக்கு நடுவே பொக்கைவாய் மாதிரி இடைவெளி விழுந்தது. நம் சொற்கள் நீளம், குறுகிய பத்தி தாங்காது. இடப்பக்கம் மட்டும் ஒட்டவைத்து, வரியைப் பொருளுக்கு ஏற்ப நானே உடைத்தேன்.

இனி கறுத்துப்போன முகங்கள். ட்யூப்லைட் பச்சை, சாயங்கால மஞ்சள், போன் ஃபில்டரில் வெளுத்த கன்னம் எல்லாம் கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் மறைந்தன. வீட்டு லேசர் பிரிண்டரில் அழகாக வந்தது. அச்சகத்தில் முதல் எட்டுப் பக்கம் ஓடும்போது பக்கத்தில் நின்றது என் அதிர்ஷ்டம். பிள்ளைகளின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. மெஷின்காரர் அண்ணன், “மேப்லித்தோ மை குடிக்கும்ல, படத்தை இன்னும் வெளுப்பா குடுக்கணும்” என்றார். புள்ளி புள்ளியாக விழும் மை அந்தத் தாளில் பரவுகிறது. கோப்பில் 50 சதவீதமாக இருக்கும் சாம்பல் தாளில் 70-ஐத் தொட்டுவிடும். மாநிற முகங்கள் ட்யூப்லைட்டில் சரியாக அந்த நடுப்பகுதியில்தான் விழுகின்றன.

மெஷினை நிறுத்தச் சொல்லி, படங்களைத் திரும்பச் செய்தேன். முதலில் படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் ஒரே எண்ணை எல்லாப் படத்துக்கும் போட்டேன். அது தப்பு. வெயிலில் எடுத்தது வெளிறியது, இருட்டில் எடுத்தது இருட்டாகவே நின்றது. அப்புறம் முகத்தையே அளவுகோலாக வைத்தேன்: முகத்தின் பெரும்பகுதி 40 சதவீதக் கறுப்பைத் தாண்டக் கூடாது, மிக இருண்ட இடமும் 90-க்குள். அதற்கு ஒவ்வொரு படத்துக்கும் நடு ஸ்லைடரை வேறு வேறு அளவு நகர்த்த வேண்டியிருந்தது. புதுப் பிளேட் செலவு எங்கள் தலையில். ஆனால் அடுத்த ஓட்டத்தில் எல்லா முகமும் தெரிந்தது.

எல்லாம் என்றா சொன்னேன்? 17-ஆம் பக்கத்தில் ஒரு படம் ஆவி மாதிரி வெளிறிக் கிடக்கிறது. அதை மட்டும் சாம்பல் நிறம் போல் ஆக்கிவிட்டு, ஒற்றைக் கறுப்பாக வைக்கும் கிரேஸ்கேலுக்கு மாற்றாமல் ஆர்ஜிபி என்ற கலர் வடிவிலேயே விட்டிருந்தேன். பிடிஎஃப் எடுக்கையில் அந்தச் சாம்பல் நான்கு மைகளாகப் பிரிந்துவிட்டது. அச்சகம் கறுப்புப் பிளேட்டை மட்டும் எடுத்ததால் மற்ற மூன்றும் காணாமல் போயின. அச்சு முன்னோட்டத்தில் கறுப்பு மையை மட்டும் அணைத்துப் பார்த்திருந்தால் பக்கம் முழுக்க வெறுமையாக இருந்திருக்க வேண்டும், அந்தப் படம் மட்டும் நின்றுகொண்டு காட்டிக்கொடுத்திருக்கும். 17-ஆம் பக்கம் இருந்த எட்டுப் பக்கம் ஓடியபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன். 500 பிரதியிலும் அப்படியே இருக்கிறது.