சுங்கை சிப்புட்டில் ஒரு விடியல்: 40 மீட்டர் உயரத்திலிருந்து எங்கள் தோட்டம்

என் அத்தை பிறந்து வளர்ந்த தோட்டம் சுங்கை சிப்புட் நகரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. ஒரு காலத்தில் முழுக்கப் பால்மரம், இப்போது முழுக்கச் செம்பனை. பழைய லயத்தில் ஒரு வரிசைதான் மிச்சம், ஆறு வீடுகள். பக்கத்தில் ஒரு சிறிய மாரியம்மன் கோயில், அதற்கு எதிரே திடல், திடலின் ஓரத்தில் ஓர் ஓடை. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். நவம்பரில் இரவு மழை பெய்து விட்டால், விடியற்காலையில் செம்பனைத் தலைகளுக்கு நடுவே பனிமூட்டம் பால் ஊற்றியதுபோல் படிந்து நிற்கும். அதை மேலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடு, கூடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்று அத்தை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஒருமுறை முயன்று டிரோனைச் செம்பனையில் மோதிவிட்டேன். இந்த முறை படத்தோடு திரும்பினேன். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. என்னிடம் இருப்பது கால் கிலோகூட எடையில்லாத சிறிய டிரோன். எடை குறைவு என்பதால் விதி இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியல்ல. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிகள்தான் இதற்கு அடிப்படை. தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல், அனுமதியில்லாமல் போகக் கூடாது. விமான நிலையப் போக்குவரத்து வட்டத்துக்குள் போகக் கூடாது. கேமரா பொருத்திய டிரோன் என்றால், நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள், வண்டி, கட்டடம் எதற்கும் 50 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் ஆட்களிடமிருந்து 30 மீட்டர். ஆயிரம் பேருக்கு மேல் கூடும் திறந்தவெளிக் கூட்டம் என்றால் 150 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தைப்பூசக் கூட்டத்துக்கு மேலே பறக்கவிடலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, டிரோன் எப்போதும் நம் வெறும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

விமானப் போக்குவரத்து ஆணையத்திடம், அதாவது சி.ஏ.ஏ.எம்.-இடம், பறப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். வானிலிருந்து படம் எடுப்பதற்கு ஜுப்பெம் என்கிற நில அளவைத் துறையின் ஒப்புதல் தனி. இரண்டுக்கும் நாள் பிடிக்கும், அதனால் பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே எழுதிப் போட்டேன். அப்புறம் தோட்ட அலுவலகம். நிலம் அவர்களுடையது, ஒரு கடிதம் வாங்கி ஜாகாவிடம் காட்டினால்தான் கேட் திறக்கும்.

முதல் நாள் மாலை மச்சானும் நானும் ஆறு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னோம். நாளைக்குக் காலையில் எட்டு மணிவாக்கில் ஒரு டிரோன் பறக்கும், வீட்டுப் பக்கம் வராது, கால் மணி நேரம்தான் என்று. இதை யாரும் தவிர்க்காதீர்கள். லயத்து வீடுகளில் துணி காயப்போடுவதும் தண்ணீர் பிடிப்பதும் வெளியில்தான். சொல்லாமல் தலைக்கு மேலே ஒரு கேமரா இரைந்தால் பெண்களுக்கு அது எப்படி இருக்கும்? ஓர் அக்கா மட்டும் பயந்த முகத்தோடு கேட்டார், "வீட்டுக்குள்ள தெரியுமா தம்பி?" படம் எப்படி விழும் என்று போன் திரையில் காட்டிய பிறகுதான் சிரித்தார்.

இப்போது போன வருட விபத்து. டிரோனுக்கும் ரிமோட்டுக்கும் தொடர்பு அறுந்தால், அது தானாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். திரையில் RTH என்று இருப்பது அதுதான். திரும்பும் உயரத்தை நாம்தான் முன்கூட்டியே வைக்க வேண்டும். டிரோன் அந்த உயரத்துக்குக் கீழே இருந்தால் முதலில் அங்கே ஏறும், அப்புறம் நேர்கோட்டில் வீடு திரும்பும். நான் 30 மீட்டர் வைத்திருந்தேன். செம்பனை 15 மீட்டர்தானே, இரண்டு மடங்கு இருக்கிறதே என்று நினைத்தேன்.

நான் மறந்தது, டிரோன் உயரத்தைக் கணக்கிடுவது புறப்பட்ட இடத்திலிருந்து என்பதை. கீழே இருக்கும் மண்ணிலிருந்து அல்ல. ஓடையோரத் திடல் தாழ்வான இடம். அங்கிருந்து மேற்கே நிலம் மெதுவாக ஏறி ஒரு மேட்டில் முடிகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் பனி அழகாக இருந்தது என்று டிரோனை அங்கே இறக்கினேன். மேடு மறைத்ததும் தொடர்பு அறுந்தது. டிரோன் சொன்னபடி 30 மீட்டருக்கு ஏறி நேரே திரும்பியது. மேட்டின் மேல் இருந்த மரங்களின் தலை, திடலிலிருந்து கணக்கிட்டால், 37 மீட்டர். மட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. வரைபடத்தில் கடைசியாகத் தெரிந்த இடத்தை வைத்துத் தேடி, இரண்டு மணி நேரம் கழித்துக் கண்டெடுத்தோம். ஒரு கை உடைந்திருந்தது. என் டிரோனில் தடையைக் கண்டறியும் சென்சார் இருக்கிறது, ஆனால் அரை வெளிச்சத்தில் செம்பனை மட்டையின் மெல்லிய ஓலைகளை அது பார்க்கும் என்று நம்பக் கூடாது. மின்கம்பிக்கும் அதே கதைதான்.

யோசித்துப் பார்த்தால், உயரம் தப்பாக வைத்தது இரண்டாவது பிழை. முதல் பிழை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பியது. பார்வைக்குள் வைத்திருந்தால் மேடு குறுக்கே வந்திருக்காது.

அதனால் இந்த முறை முதல் நாள் மாலையே திடலிலிருந்து மேட்டுக்கு நடந்தோம். போனில் கடல்மட்ட உயரத்தைக் கீழேயும் மேலேயும் பார்த்தேன்: வித்தியாசம் 22 மீட்டர். மரம் 15. போன் காட்டும் உயரம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும், அதற்கும் சேர்த்து 20 கூட்டி 57, அதை 60 ஆக்கி RTH உயரமாக வைத்தேன்.

எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் அன்றே பார்த்துவிட்டோம். பெட்டியில் கிலோமீட்டர் கணக்கில் தூரம் போட்டிருப்பார்கள். அது ரேடியோ அலை போகும் தூரம். என் கண்ணுக்கு 250 மீட்டரில் டிரோன் ஒரு புள்ளி. அதற்கு மேல் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே தெரியாது. டிரோனின் செயலியில் தூர வரம்பை 230 மீட்டர் என்று வைத்துப் பூட்டினேன். மேடு அதற்கு அப்பால்.

விடிந்தது. ஏழு மணிக்கு வெளிச்சம் வந்தது, ஆனால் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்க்க இன்னும் அரை மணி ஆகும். பனி திடலிலேயே படிந்திருந்தது, கோயில் கோபுரம் தெரியவில்லை. எல்லோரும் ஆசைப்படும் படம் இந்த நேரத்தில்தான் கிடைக்கும்: பனியைக் கிழித்து மேலே போய் மேகக்கடல் மாதிரி எடுப்பது. ஆனால் பனிக்குள் நுழைந்த அடுத்த நொடி டிரோன் கண்ணிலிருந்து மறையும். இறக்கைகளிலும் லென்ஸிலும் நீர் கோத்துக்கொள்ளும். இந்தச் சிறிய டிரோன்கள் நனைவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அத்தை பிளாஸ்கில் கொண்டு வந்த கோப்பியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். டிரோனைக் காருக்குள் ஏர்கானில் வைக்காமல் வெளியிலேயே பையில் வைத்திருந்தேன், இல்லாவிட்டால் எடுத்தவுடன் லென்ஸை ஆவி மூடிக்கொள்ளும்.

கோபுரத்தின் மேல்பாதி தெளிந்து, திடலின் அந்தக் கோடியில் இருந்த கோல்போஸ்ட் தெரிந்தபோது மணி ஏழே முக்கால். பனி இப்போது ஓடையின் மேலேயும் தாழ்ந்த வரிசைகளின் நடுவேயும் மட்டும்தான். இறக்கைகளின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தேன், விரிசல் இருந்தால் நகம் தட்டும். பேட்டரியை அழுத்தி 'டிக்' சத்தம் கேட்டுக்கொண்டேன். புல் ஈரம் என்பதால் தரைவிரிப்பின் மேல் வைத்து, டிரோன் திரும்பி வர வேண்டிய வீட்டுப்புள்ளி வரைபடத்தில் திடலிலேயே விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுப்பினேன். மூன்று மீட்டரில் அரை நிமிடம் நிறுத்தினேன். அங்கேயே அசையாமல் நின்றால் சரி, ஒரு பக்கமாக நழுவினாலோ சத்தம் கரகரத்தாலோ இறக்கிவிட வேண்டும். நின்றது.

நான் திரையைப் பார்த்தேன், மச்சான் வானத்தைப் பார்த்தான். அதுதான் எங்கள் ஒப்பந்தம். "மச்சான், இடப்பக்கம் ரொம்பப் போவுது, கோயில் கிட்ட" என்று அவன் சொன்னதும் நிறுத்தினேன். திரையில் கோயில் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது, வரைபடத்தில் 50 மீட்டரை நெருங்கியிருந்தேன். அகன்ற லென்ஸ் தூரத்தை அப்படித்தான் ஏமாற்றும்.

அதே லென்ஸ்தான் ஆசைக்கும் எல்லை வைக்கிறது. லயத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி, 40 மீட்டர் உயரத்தில் நின்றால், சாய்வாகக் கணக்கிட்டால் வீடுகள் சுமார் 64 மீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் என் கேமராவின் சட்டத்துக்குள் அகலவாக்கில் ஏறக்குறைய 90 மீட்டர் அடங்கும். ஆறு வீட்டு வரிசையின் நீளம் 36 மீட்டர். ஆக, படத்தின் பாதியைக்கூட லயம் நிரப்பாது. நிரப்ப வேண்டுமானால் இன்னும் பாதிக்கு மேல் நெருங்க வேண்டும், அதற்கு விதி இடம் தராது. அதனால் லயத்தை ஓரத்தில் வைத்து, மீதி இடத்தைச் செம்பனை வரிசைகளுக்கும் அவற்றுக்கு நடுவே கோடு கோடாய் நின்ற பனிக்கும் கொடுத்தேன். 100 மீட்டருக்கும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அங்கிருந்து எல்லாம் தட்டையாகப் பச்சைப் பாய் விரித்ததுபோல் ஆகிவிடுகிறது, மரம் மரமாகத் தெரியவில்லை. 40-இல்தான் நிழல் விழுந்து மரத்துக்கு உருவம் வருகிறது.

வானம் வெளுத்துப் போகாமல் இருக்க வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்தேன். பேட்டரி 40 விழுக்காட்டுக்கு வந்ததும் திரும்பினேன், இறங்கியபோது 33. மொத்தம் 14 நிமிடம், 11 படங்கள். அவற்றில் நல்லவை இரண்டு. எட்டரைக்குப் பனியே இல்லை. இரண்டாவது பேட்டரியை நான் போடவே இல்லை.

அத்தை அந்த இரண்டையும் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, நிழலில் உட்கார்ந்து பார்த்தார். லயத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரச் சொன்னார். என் கேமராவில் முழுப் படத்தின் அகலம் 4000 புள்ளி, லயத்தின் பங்கு 1600 புள்ளிதான். தெளிவாக அச்சிட்டால் ஒரு சாண்கூட வராது. முழுப் படத்தையும் போட்டால் ஓர் அடிக்கு மேலேயே வரும் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் படத்தை நகர்த்திக்கொண்டே போனார். கோயிலுக்குப் பின்னால், செம்பனை வரிசை ஓரிடத்தில் மட்டும் நேர்கோட்டை விட்டு வளைந்து போவதைக் காட்டினார். "கெணறு இங்கதான் இருந்துச்சு. மூடாம வெச்சிருக்கானுங்க, அதான் கன்னுங்கள அத சுத்தி நட்டிருக்கானுங்க. நம்ம வீடு இதுக்கு மேல ரெண்டாவது."

முழுப் படத்தையே அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.