பேஸ் பிளேட் 12-லிருந்து 20 ஆன கதை

ஒரு கொட்டகையின் தூணுக்கு அடித்தட்டு போட வேண்டியிருந்தது. 200 x 200 ஹெச் செக்‌ஷன் தூண், கீழே எம்25 கான்கிரீட் பெடஸ்டல். காரணி சேர்த்த அமுக்கு விசை 400 கிலோநியூட்டன். கான்கிரீட் தாங்கும் அழுத்தம் 0.45 x 25, அதாவது 11.25 எம்பிஏ. தேவைப்பட்ட பரப்பு 190 மிமீ சதுரம்கூட இல்லை. 300 சதுரம், 12 மிமீ தடிமன் என்று எழுதிவிட்டு, நான்கு எம்20 போல்ட்டையும் வரைந்து மூடி வைத்தேன்.

வரைபடத்தைப் பார்த்த மூத்த பொறியாளர் கேட்டது ஒரே கேள்வி: “இந்த நட்டை எந்த ஸ்பானர் வைத்து முறுக்குவீங்க?” ஃபிளாஞ்சுக்கு வெளியே தட்டு 50 மிமீதான் இருந்தது. விளிம்புக்கு 40 விட்டால் நட்டு வெல்டிலேயே இடிக்கும். போல்ட்டை 50 மிமீ வெளியே தள்ளி, விளிம்புக்கு இன்னொரு 40 விட்டதில் தட்டு 380 x 300 ஆனது. நீட்டியதால் அமுக்கு விசைக்கே 16 மிமீ கேட்டது.

அப்புறம்தான் மேலிழுப்பைப் பார்த்தேன். காற்று தூக்குவது 100 கிலோநியூட்டன், கூரையின் சொந்த எடை 33. மிச்சத்தை 1.5-ஆல் பெருக்கி 100 என்று வைத்திருந்தேன். அது தப்பு. எடை இங்கே நமக்கு உதவுகிறது. உதவும் சுமையை 1.5-ஆல் பெருக்கிக் கூட்டக் கூடாது, 0.9-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். 1.5 x 100 − 0.9 x 33, கிட்டத்தட்ட 120. போல்ட்டுக்கு 30.

அந்த 30 ஃபிளாஞ்சிலிருந்து 50 மிமீ தள்ளி இழுக்கிறது, ஆக வளைவுத் திருப்பம் 1.5 கிலோநியூட்டன் மீட்டர். 45 டிகிரியில் பரவினால் ஒரு போல்ட்டுக்கு உழைக்கும் அகலம் 100 மிமீ. எஃகின் வடிவமைப்பு வலு fyd 227 எம்பிஏ.

t = √(4M / (b·fyd)) = √(4 × 1500000 / (100 × 227)) ≈ 16.3 மிமீ

20 போட்டேன். மெல்லிய தட்டு வளைந்தால் அதன் விளிம்பு கான்கிரீட்டில் ஊன்றி, நெம்புகோல் மாதிரி போல்ட்டில் கூடுதல் இழுவிசையை ஏற்றும். கணக்கில் வராத அந்த விசையைத் தடிமன்தான் அடக்குகிறது.

போல்ட்டைப் பற்றிக் கவலை இல்லை. 4.6 தரத்து எம்20 சுமார் 68 தாங்கும். போல்ட்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் அதோடு சேர்ந்து கூம்பாகப் பிய்வதுதான் சிக்கல். பெடஸ்டல் 450 சதுரம். போல்ட்டிலிருந்து ஒரு பக்க விளிம்பு 75 மிமீ, மறுபக்கம் 150. கூம்பு முழுதாக விரிய இடமே இல்லை. கணக்கில் கிடைத்தது சுமார் 60 கிலோநியூட்டன், தேவையில் பாதி. ஆழத்தைக் கூட்டிப் பார்த்தேன், எண் அசையவில்லை. விளிம்புதான் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது.

அதனால் இழுவிசையைப் பெடஸ்டலின் செங்குத்துக் கம்பிகளுக்கு மாற்றினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்திலேயே ஒரு 16 மிமீ கம்பி. கூம்பின் விரிசல் கோட்டுக்கு மேலே கம்பிக்குப் பிடிமான நீளம் வேண்டும் என்பதால் போல்ட்டின் தலை 450 மிமீ ஆழத்துக்குப் போனது.