ஒன்றரை லட்சம் கேட்டு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீடு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு காலியான முதல் கிழமையே ஒரு இளம் தம்பதி வந்து பார்த்துவிட்டு, "மாத வாடகை 115,000 தருகிறோம், அடுத்த முதலாம் தேதியே வருகிறோம்" என்றார்கள். கனடாவிலிருக்கும் பெரியப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். சிரித்தார். "தம்பி, வெள்ளவத்தையில அந்தக் காசுக்கு ஆர் வீடு குடுப்பினம்? புரோக்கர் ஒன்றரை எண்டல்லோ சொன்னவர்." வீடு அவருடையது, திறப்பு மட்டும்தான் என்னிடம். வந்தவர்களை அனுப்பிவிட்டேன்.

புரோக்கர் ஒன்றரை லட்சம் என்று சொன்னதற்கு ஆதாரமும் காட்டினார். விளம்பரத்தில் அதே பகுதியில் மூன்று அறை வீடுகள் 140,000, 155,000, 160,000 என்று வரிசையாக இருந்தன. நானும் நம்பினேன். இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமைதோறும் போய்க் கதவு ஜன்னல் திறந்து, கூட்டிப் பெருக்கி, பார்க்க வருவதாகச் சொன்னவர்களுக்காகக் காத்திருந்ததுதான் மிச்சம். வந்தவர்கள் எல்லாரும் வாடகையைக் கேட்டதும் "யோசிச்சுச் சொல்றம்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

கண் திறந்தது தற்செயலாகத்தான். முதல் கிழமையில் ஒரு கொப்பியில் இருபத்துமூன்று விளம்பரங்களைக் குறித்து வைத்திருந்தேன். ஆறு கிழமை கழித்து அதையே எடுத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். 120,000க்குக் கீழே கேட்டவற்றில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் காணோம். 140,000க்கு மேல் கேட்டவை அநேகமாக அப்படியே இருந்தன. நியாயமான வாடகை கேட்டவன் வீட்டைக் கொடுத்துவிட்டு விளம்பரத்தை எடுத்துவிடுகிறான். விலைபோகாத வீடுதான் மாதக்கணக்காகக் கண்ணில் படுகிறது. நாங்கள் அதைப் பார்த்து விலை வைத்திருக்கிறோம்.

விளம்பரம் காணாமல் போனாலே வீடு போய்விட்டது என்று எடுக்கவும் முடியாது. காலம் முடிந்தும் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்தேன். அப்போதுதான் அடுத்த கூத்து. இருபத்துமூன்றில் ஆறு, ஏற்கெனவே பட்டியலில் இருந்த வீடுகளேதான். ஒரே வீட்டை மூன்று புரோக்கர்மார் மூன்று விலைக்குப் போட்டிருந்தார்கள். படங்களில் வரவேற்பறை வேறு வேறு கோணத்தில் இருந்தது. ஆனால் ஜன்னல் கிறிலில் இருந்த மயில் ஒன்றே. இப்படி ஒரு வீட்டை மூன்று தடவை எண்ணினால் சராசரி அந்த வீட்டின் பக்கமே சாயும். தரை டைல்ஸ், கிறில், மின்விசிறி இந்த மூன்றையும் ஒப்பிட்டால் போதும், பிடித்துவிடலாம்.

அழைக்கும்போது "எவ்வளவு?" என்று கேட்டால் விளம்பரத்தில் போட்டதைத்தான் திரும்பச் சொல்வார்கள். "வீடு போயிட்டுதா? கடைசியா எவ்வளவுக்குக் குடுத்தீங்க?" என்று கேளுங்கள். வீடு போன பிறகு உரிமையாளர்கள் ஒளிக்க மாட்டார்கள். ஒரு அம்மா மட்டும் "நீங்க வரி அலுவலகமா?" என்று கேட்டு வைத்துவிட்டார். இன்னொருவர் 95,000க்குக் கொடுத்ததாகச் சொன்னார். இவ்வளவு குறைவா என்று துருவினால், வந்தவர் ஒரு வருட வாடகையையும் மொத்தமாக முன்கூட்டியே எண்ணி வைத்தாராம். அதற்காகக் குறைத்துக்கொடுத்த வாடகை அது. எங்களுக்கு அது ஒப்பீடே இல்லை என்று அடித்துவிட்டேன்.

கடைசியில் மூன்று வீடுதான் மிஞ்சியது. மூன்றையும் நேரில் போய்ப் பார்த்தேன். எங்களுடையது காலி வீதிக்குத் தரைப்பக்கம், ஒழுங்கைக்குள்ளே கீழ்த்தளம். மூன்று அறை, இரண்டு பாத்ரூம், தனிக் கரண்ட் மீட்டர், தளபாடம் இல்லை, கார் விட இடம் இல்லை.

முதலாவது, லிஃப்டோடு கூடிய தொடர்மாடியில் மூன்றறை. கார் பார்க்கிங் உண்டு. 140,000 கேட்டு 130,000க்குப் போனது. இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். பார்க்கிங்குக்கு 12,000 என்று கணக்கிட்டு அதைக் கூட்டிவிட்டேன், 142,000! பார்க்கிங் அவர்களிடம்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை. அப்படியானால் அவர்களுடைய வாடகையிலிருந்து கழிக்க வேண்டும், 118,000. எங்கள் வீட்டின் விலையைத் தொடவே கூடாது, மற்ற வீட்டை எங்கள் வீடு மாதிரி ஆக்கிப் பார்ப்பதுதான் வேலை. (அந்த 12,000 எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் தன் முற்றத்தைக் கார் விட மாதம் 12,000க்குக் கொடுக்கிறார். குத்துமதிப்பாக எடுக்காமல் இப்படிப் பக்கத்தில் ஒரு விலை தேடிப் பிடியுங்கள்.) லிஃப்டுக்கு நான் எதுவும் கழிக்கவில்லை. கீழ்த்தளத்தில் இருப்பவனுக்கு லிஃப்ட் எதற்கு?

இரண்டாவது, இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பழைய கீழ்த்தள வீடு. பார்க்கிங் இல்லை, தளபாடமும் இல்லை, பாத்ரூம் ஒன்றுதான். 100,000க்குப் போயிருந்தது. இரண்டாவது பாத்ரூமுக்கு 8,000 கூட்டினேன், 108,000. மூன்றாவது ஒரு மேல்மாடி. இரண்டு ஏசி, கட்டில், சோஃபா எல்லாம் போட்டு 135,000. அதற்கெல்லாம் 20,000 கழித்தால் 115,000. விளம்பரத்தில் 1,200 சதுர அடி என்றிருந்தது. நாடா பிடித்துப் பார்த்தால் உள்ளே 1,000 கூட வரவில்லை. பல்கனியையும் படிக்கட்டையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று வகுப்பதை விட்டுவிட்டேன்.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கவில்லை. ஏசிக்கும் சோஃபாவுக்கும் போட்ட 20,000 என் ஊகம், அதில் பிழை இருக்கலாம். இரண்டாவது வீட்டில் திருத்தியது ஒரே ஒரு விஷயம், அதுவும் சிறியது. எங்கள் வீட்டுக்கு அதுதான் கிட்ட. ஆனால் விளம்பரம் எடுக்காமலே கிடந்த அந்த வீடு எட்டு மாதத்துக்கு முன்பே போனது என்பதால் கொஞ்சம் மேலே நின்றேன். 118,000 கேட்பது, 110,000க்குக் கீழே இறங்குவதில்லை.

பெரியப்பாவைச் சம்மதிக்க வைக்க இன்னொரு கணக்கு தேவைப்பட்டது. இப்போதே 125,000க்கு ஆள் கிடைத்தாலும், பூட்டிக் கிடந்த இரண்டு மாதம் போக இந்த வருடத்தில் பத்து மாதம்தான், 1,250,000. முதலிலேயே 115,000க்கு விட்டிருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு 1,380,000. வாட்ஸ்அப்பில் இதை அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலையில் "சரி, பார்த்துச் செய்" என்று மட்டும் வந்தது.

ஒன்பதாவது நாள் 112,000க்கு ஒரு குடும்பம் வந்தது, ஒப்பந்தமும் எழுதியாயிற்று. அந்தத் தம்பதிக்கும் அழைத்துப் பார்த்தேன். அவர்கள் எப்போதோ தெஹிவளையில் வீடு எடுத்துவிட்டார்கள்.

புரோக்கர் போட்ட எங்கள் வீட்டு விளம்பரம் இன்னும் அப்படியே கிடக்கிறது, 150,000 என்று, வாசலில் நான் மறந்து வைத்த சிவப்பு வாளியோடு. எடுக்கச் சொல்லி இரண்டு தடவை அழைத்துவிட்டேன். வெள்ளவத்தையில் வீட்டு வாடகை பார்ப்பவர்கள் அந்த வாளியைக் கண்டால் கணக்கில் சேர்க்காதீர்கள்.